பாதி வழியில் பாடத்திட்டம் மாறினால்: குரூப் 4 வாசகிக்கு ஒரு பதில்

*கேள்வி: குரூப் 4 தேர்வுக்கு ஓராண்டாகப் படித்துவருகிறேன். பகலில் மருந்துக் கடை வேலை. இரவில் இரண்டரை மணி நேரமும் ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி நேரமும் படிக்கக் கிடைக்கிறது. தமிழ் இலக்கியத்துக்கு மட்டும் ஐந்து நோட்டு எழுதி முடித்திருக்கிறேன். அறிவியலை மார்ச்சுக்குள் முடிப்பதாகத் திட்டம். இந்த நிலையில் கடந்த 2024 டிசம்பரில் தேர்வாணையம் பாடத்திட்டத்தையே மாற்றிவிட்டது. தேர்வு 2025 ஜூலையில் என்கிறார்கள், அந்தத் தேதியும் மாறலாம் என்கிறார்கள். படித்ததெல்லாம் வீணா? புதிய புத்தகத் தொகுப்பு வாங்கி முதலிலிருந்து தொடங்க வேண்டுமா? சின்னச் சின்ன மாதிரித் தேர்வுகளில் பத்துக்கு இலக்கியத்தில் ஒன்பது, அறிவியலில் எட்டு, தமிழ்நாட்டு வரலாற்றிலும் கணக்கிலும் ஆறு, இலக்கணத்தில் ஐந்து, பொருளாதாரத்தில் நான்கு எடுக்கிறேன்.*
*— வாசகி, சங்கரன்கோவில்*

அன்புள்ள சகோதரிக்கு,

மதிப்பெண்களையும் சேர்த்து எழுதியது நல்லதாயிற்று. பெரும்பாலான கடிதங்களில் பதற்றம் மட்டும்தான் வருகிறது, எண் வருவதில்லை. உங்கள் எண்களை வைத்தே பேசலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். தேர்வின் சட்டகம் மாறவில்லை. அதே 200 கேள்விகள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். தமிழ்த் தகுதி மற்றும் மதிப்பீட்டுத் தேர்வில் 100 கேள்விகள். பொது அறிவில் 75, நீங்கள் கணக்கு என்று எழுதியிருக்கும் திறனறிவில் 25. தமிழ்ப் பகுதியில் 40 விழுக்காடு, அதாவது 60 மதிப்பெண் எடுக்காவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள் என்ற விதியும் அப்படியே இருக்கிறது. மாறியிருப்பது உள்ளே இருக்கும் எடை. எந்த அலகிலிருந்து எத்தனை கேள்வி என்பதை இப்போது அச்சிட்டே கொடுத்திருக்கிறார்கள். முன்பெல்லாம் பழைய வினாத்தாள்களை வைத்துக்கொண்டு நாமே எண்ணிக் கணித்துக்கொண்டிருந்த விஷயம் அது.

தமிழில் ஏழு அலகுகள். இலக்கணம் 25, சொல்லகராதி 15, எழுதும் திறன் 15, கலைச்சொற்கள் 10, வாசித்துப் புரிந்துகொள்ளுதல் 15, எளிய மொழிபெயர்ப்பு 5, இலக்கியமும் தமிழறிஞர்களும் சேர்த்து 15. பழைய திட்டத்தில் இலக்கணம், இலக்கியம், தமிழ் அறிஞர்களும் தமிழ்த் தொண்டும் என்று மூன்று பகுதிகள் இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கடைசி இரண்டும் சேர்ந்து இன்று 15 கேள்விகளுக்குள் ஒடுங்கிவிட்டன. உங்கள் ஐந்து நோட்டும் இந்த 15-க்குள்தான் வருகிறது என்று நினைத்துத்தான் மனம் உடைந்திருக்கிறீர்கள்.

ஆனால் பொது அறிவுப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கே அறிவியல் 5, புவியியல் 5, இந்திய வரலாறும் பண்பாடும் தேசிய இயக்கமும் 10, ஆட்சியியல் 15, பொருளாதாரமும் தமிழ்நாட்டின் வளர்ச்சி நிர்வாகமும் 20, தமிழ்நாட்டின் வரலாறு, மரபு, பண்பாடு, சமூக–அரசியல் இயக்கங்கள் 20. இந்தக் கடைசி அலகில் சங்க காலம் தொட்டு இன்றுவரையிலான தமிழ் இலக்கிய வரலாறும் திருக்குறளும் இருக்கின்றன. ஆகவே உங்கள் நோட்டுகளில் திருக்குறளுக்கும் சங்க இலக்கியத்துக்கும் நீங்கள் செலவிட்ட நேரத்துக்கு இரண்டு இடங்களில் பயன் உண்டு. நூல், ஆசிரியர், காலம் என்ற விவரங்களும் பாட்டில் தெரியும் வாழ்க்கை முறையும் அங்கே உதவும். பயன்படாமல் போகக்கூடியது நீளமான பாடல் மனப்பாடம் போன்ற பகுதிகள்தான். அவற்றை இனித் தொடாதீர்கள், அவ்வளவே.

இனி, படித்ததில் எது எங்கே போகிறது என்பதைக் கண்ணால் பார்க்க ஒரு வேலை சொல்கிறேன். இரண்டு மாலை போதும். தேர்வாணையத்தின் இணையதளத்தில் (tnpsc.gov.in) 2022, 2024 குரூப் 4 வினாத்தாள்கள் கிடைக்கும். இரண்டையும் அச்செடுத்து, தமிழ்ப் பகுதியின் ஒவ்வொரு கேள்விக்கும் ஓரத்தில் புதிய அலகின் எண்ணைப் பென்சிலால் எழுதுங்கள். 'ஓரெழுத்து ஒருமொழி' என்றால் சொல்லகராதி, இரண்டு. 'வேர்ச்சொல்லைத் தேர்க' என்றால் இலக்கணம், ஒன்று. 'இந்த நூலின் ஆசிரியர் யார்' என்றால் ஏழு. எழுதி முடித்துக் கூட்டிப் பாருங்கள். பழைய தாளில் ஏழாம் எண் எத்தனை முறை வருகிறது, நான்கும் ஐந்தும் ஆறும் எத்தனை முறை வருகின்றன என்பது அப்போது தெரிந்துவிடும். எந்த எண் அடிக்கடி வருகிறதோ அதற்கு உங்களிடம் போதுமான பயிற்சிக் கேள்விகள் ஏற்கெனவே இருக்கின்றன. எது அரிதாக வருகிறதோ அதற்குத்தான் கேள்விகளைத் தேடிச் சேர்க்க வேண்டும்.

தேடிச் சேர்க்கும் இடமும் உங்கள் அலமாரியிலேயே இருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான தமிழ்ப் பாடநூல்களில் ஒவ்வொரு இயலின் முடிவிலும் 'மொழியை ஆள்வோம்', 'மொழியோடு விளையாடு', 'கலைச்சொல் அறிவோம்' என்று சில பக்கங்கள் வரும். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் செய்யுளையும் உரைநடையையும் நூல் வெளியையும் அடிக்கோடிட்டுப் படித்துவிட்டு, இந்தப் பக்கங்களை அப்படியே புரட்டிவிடுவார்கள். என் வகுப்பில் மாணவர்களின் புத்தகங்களை வாங்கிப் பார்ப்பேன். செய்யுள் பக்கம் முழுக்க மஞ்சள் மையாக இருக்கும், 'மொழியை ஆள்வோம்' பக்கம் கடையில் வாங்கிய அன்று இருந்த மாதிரியே வெள்ளையாக இருக்கும். எழுதும் திறன், கலைச்சொல், வாசித்தல், மொழிபெயர்ப்பு ஆகிய நான்கு அலகுகளுக்கும் சேர்த்து 45 கேள்விகள். அவற்றுக்கான அடிப்படைப் பயிற்சி அந்த வெள்ளைப் பக்கங்களில்தான் இருக்கிறது. புதிய புத்தகத் தொகுப்பு வாங்க வேண்டுமா என்ற உங்கள் கேள்விக்கு இதுவே பாதி பதில்.

மீதிப் பாதி இது. பாடத்திட்டம் மாறிய சில வாரங்களுக்குள் 'புதிய பாடத்திட்டப்படி' என்ற அட்டையோடு வரும் புத்தகங்களில் பல, பழைய உள்ளடக்கத்தை வரிசை மாற்றிக் கட்டியவை. கடையில் நின்றபடியே சோதித்துவிடலாம். பொருளடக்கத்தைப் பார்த்து, தமிழ்ப் பகுதியில் இலக்கியத்துக்கு எத்தனை பக்கம், வாசித்தலுக்கும் எழுதும் திறனுக்கும் எத்தனை பக்கம் என்று கணக்கிடுங்கள். இலக்கியம் பாதிப் புத்தகத்தை அடைத்துக்கொண்டிருந்தால் மாறியது அட்டை மட்டும்தான். அந்தப் பணத்தை மாதிரித் தேர்வுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் நேரக் கணக்குக்கு வருகிறேன். வாரத்துக்கு ஆறு இரவும் ஒரு ஞாயிறும் சேர்த்து 21 மணி நேரம். ஜூலை நடுப்பகுதி வரை ஏறக்குறைய 25 வாரங்கள் என்று வைத்துக்கொள்வோம். கடைசி ஐந்து வாரங்களை முழுநீள மாதிரித் தேர்வுக்கு என்று ஒதுக்கிவிட்டால் படிக்க இருப்பது 20 வாரங்கள், 420 மணி நேரம்.

இதை அலகுகளுக்கு எப்படிப் பங்கிடுவது? கேள்விகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பங்கிட்டால் தவறும். எத்தனை கேள்விகளை நீங்கள் இன்று இழக்கிறீர்கள் என்று பாருங்கள். இலக்கணத்தில் 25 கேள்விகள், நீங்கள் எடுப்பது பாதி. அப்படியானால் அங்கே பன்னிரண்டு கேள்விகள் போகின்றன. பொருளாதாரத்தில் 20 கேள்விகள், பத்துக்கு ஆறு தவறுகிறது, அதுவும் பன்னிரண்டு. திறனறிவில் 25-ல் பத்து. தமிழ்நாட்டு வரலாற்றில் 20-ல் எட்டு. அறிவியலில்? ஐந்து கேள்விகள், பத்துக்கு எட்டு எடுக்கிறீர்கள், ஆக இழப்பு ஒன்றே ஒன்று. ஒன்றரை மதிப்பெண். அதை மீட்க மார்ச் வரை எல்லா வகுப்பு அறிவியல் புத்தகங்களையும் படிக்கத் திட்டமிட்டிருக்கிறீர்கள். இன்றே நிறுத்திவிடுங்கள். இலக்கியத்திலும் இழப்பு ஒன்று அல்லது இரண்டு கேள்விதான். அங்கே நோட்டை மறுபடி வாசித்தாலே போதும்.

இழப்பு எவ்வளவு என்பதோடு மீட்பது எவ்வளவு எளிது என்பதையும் பார்க்க வேண்டும். கலைச்சொல்லையும் மொழிபெயர்ப்பையும் நீங்கள் சோதித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. அவை 15 கேள்விகள். பாதி தெரியும் என்று வைத்தாலும் ஏழு கேள்விகள் வெளியே நிற்கின்றன. இவை சில வாரங்களில் கைக்கு வந்துவிடும். கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் ஒரு சின்ன நோட்டில் இருபது சொல் பார்க்கலாம். பொருளாதாரம் அப்படி இல்லை. அது மெதுவாக ஏறும். பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலில் பொருளியல் பகுதியை முடித்துவிட்டு, பதினோராம் வகுப்புப் பொருளியல் நூலில் உள்ள தமிழ்நாட்டுப் பொருளாதாரம் என்ற பாடத்துக்குப் போங்கள், அதன் பிறகு மாநில நலத்திட்டங்கள். இந்த வரிசையை மாற்றி நேரே திட்டங்களின் பட்டியலை மனப்பாடம் செய்கிறவர்கள், கேள்வி சற்றே திரும்பி வந்தால் தடுமாறுகிறார்கள். நடப்பு நிகழ்வுகள் இப்போது தனி அலகாக இல்லையே என்று செய்தித்தாளை நிறுத்திவிட வேண்டாம். திட்டங்கள், வரவு செலவு அறிக்கை, சட்டத் திருத்தம் என்று அவை இந்த அலகுகளுக்குள்ளேயே வந்து நிற்கும்.

இனி நான் சொல்லப்போவதுதான் தேதி மாற்றத்துக்கான மருந்தும். உங்கள் பழைய திட்டம் ஒரு பாடத்தை முழுதாக முடித்துவிட்டு அடுத்த பாடம் என்ற வரிசையில் போகிறது. மார்ச் வரை அறிவியல், பிறகு இன்னொன்று. இந்த மாதிரித் திட்டத்தில் தேதி முன்னால் வந்தால் கடைசி இரண்டு அலகுகள் தொடப்படாமலே போய்விடும். பாடத்திட்டம் மாறினாலோ முன்னால் முடித்தது முழுவதும் அடிபடும். இரண்டு விபத்தில் ஒன்று உங்களுக்கு ஏற்கெனவே நடந்துவிட்டது. அதனால் சுற்று முறைக்கு மாறுங்கள். 20 வாரங்களை 8, 7, 5 என்று மூன்று சுற்றாகப் பிரித்து, ஒவ்வொரு சுற்றிலும் எல்லா அலகையும் தொட்டுவிடுங்கள்.

முதல் சுற்றுக்கு 168 மணி நேரம் கிடைக்கிறது. இலக்கணத்துக்கு 30, பொருளாதாரத்துக்கு 30, திறனறிவுக்கு 25, தமிழ்நாட்டு வரலாற்றுக்கு 20, கலைச்சொல்லுக்கும் மொழிபெயர்ப்புக்கும் 18. சொல்லகராதி, எழுதும் திறன், வாசித்தல் மூன்றும் சேர்ந்து 45 கேள்விகள். இவற்றில் உங்கள் நிலை தெரியாததால் முதல் வாரத்திலேயே பத்துப் பத்துக் கேள்வி போட்டுப் பார்த்துவிட்டு, இப்போதைக்கு 20 மணி வையுங்கள். ஆட்சியியலுக்கும் இந்திய வரலாற்றுக்கும் 20. எஞ்சிய ஐந்து மணி நேரத்தில் அறிவியல், புவியியல், இலக்கியம் மூன்றையும் நோட்டிலிருந்து மறுபார்வை. ஐந்து மணி என்றதும் அறிவியலுக்கு அநியாயம் என்று தோன்றும். அந்த நெருடலைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இலக்கணத்தையும் திறனறிவையும் மட்டும் ஒரே வாரத்தில் குவிக்காதீர்கள். இரண்டும் கை பழக வேண்டியவை. ஒவ்வோர் இரவும் முதல் நாற்பது நிமிடம் கணக்கு அல்லது இலக்கணம், மாறி மாறி. அதன் பிறகே அந்த வாரத்துப் பாடம். நாள் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு வந்து படிக்கிறீர்கள். இரவு ஒன்பதரைக்குப் பொருளாதாரம் தூக்கத்தை வரவழைக்கும், கணக்கு வரவழைக்காது.

எட்டாம் வாரக் கடைசியில் அதே பத்துக் கேள்விச் சோதனையை எல்லா அலகுக்கும் புதிய கேள்விகளோடு செய்யுங்கள். இழப்புக் கணக்கைத் திரும்பப் போட்டு, அதன்படி இரண்டாம் சுற்றின் 147 மணி நேரத்தைப் பங்கிடுங்கள். நான் மேலே கொடுத்த எண்கள் அப்போது செல்லாது, உங்கள் புதிய எண்களே செல்லும். ஓர் அலகில் முப்பது மணி நேரம் செலவிட்டும் பத்துக்கு ஒன்றுகூட ஏறவில்லை என்றால், அங்கே நேரம் போதவில்லை என்று நினைத்து இன்னும் முப்பது மணி கொட்ட வேண்டாம். படிக்கும் விதத்தில்தான் கோளாறு. பெரும்பாலும் வாசித்துக்கொண்டே போயிருப்பீர்கள், கேள்வி போட்டிருக்க மாட்டீர்கள்.

தேதிக்கு வருவோம். தேர்வாணையம் வெளியிடும் ஆண்டுத் திட்டம் உத்தேசமானதுதான். அதில் இந்த முறை அறிவிக்கை 2025 ஏப்ரல் 25, தேர்வு ஜூலை நடுவில் என்று இருக்கிறது. ஒன்றைக் கவனியுங்கள். 2022-ல் மார்ச் இறுதியில் அறிவிக்கை வந்து ஜூலை 24-ல் தேர்வு நடந்தது. 2024-ல் ஜனவரி 30-ல் அறிவிக்கை, ஜூன் 9-ல் தேர்வு. இரண்டு முறையும் கிட்டத்தட்ட நான்கு மாதமோ அதற்குச் சற்றுக் கூடுதலோ கிடைத்தது. இம்முறை திட்டப்படியே போனாலும் பதினோரு வாரங்கள்தான். அறிவிக்கை வரட்டும், பிறகு தீவிரமாகப் படிப்போம் என்று காத்திருப்பவர்களுக்குப் பழைய அனுபவம் துணை வராது.

தேதி ஓரிரு நாள், ஓரிரு வாரம் நகர்ந்தால் எதையும் தொடாதீர்கள். கடைசி ஐந்து வாரத்தில் ஒன்று கூடும் அல்லது குறையும், அவ்வளவுதான். 2024-ல் மத்தியத் தேர்வாணையத்தின் குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வு மக்களவைத் தேர்தலுக்காக மே 26-லிருந்து ஜூன் 16-க்குப் போனது. இத்தகைய மூன்று வார இடைவெளியில் புதிய புத்தகத்தை எடுப்பது பொதுவாக நல்லதில்லை. இரண்டு மாதிரித் தேர்வு கூடுதலாக எழுதித் தவறுகளைத் திருத்துவது நல்லது.

நீண்ட ஒத்திவைப்பு வேறு கதை. 2020 ஏப்ரல் 5-ல் நடக்க வேண்டிய குரூப் 1 முதல்நிலைத் தேர்வு, கொரோனாவால் 2021 ஜனவரி 3-க்குப் போனது. ஒன்பது மாதம். அந்தக் காலத்தில் இரண்டு வகை மாணவர்களைப் பார்த்தேன். ஒரு வகையினர் 'நேரம் இருக்கிறது' என்று முதல் பாடத்திலிருந்து மறுபடி தொடங்கினார்கள். அவர்கள் அக்டோபரில் பாதியில் நின்றார்கள். அதுவரை இருந்த வேகமும் போனது. இன்னொரு வகையினர் வாரம் ஒரு மாதிரித் தேர்வை மட்டும் விடாமல் எழுதி, அதில் தவறும் அலகை மட்டும் திறந்து படித்துக்கொண்டிருந்தார்கள். படிக்கும் மணி நேரத்தைப் பாதியாக்கி, சம்பாதிக்கவும் போனார்கள். உங்களுக்கு அப்படி நேர்ந்தால் இரண்டாவது வழியில் போங்கள். வேலையை மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். தேதி தெரியாத தேர்வுக்காகச் சம்பளத்தை விடுவது சரியில்லை.

தேர்வு முன்கூட்டியே வந்துவிட்டால் கடைசிச் சுற்றை வெட்டுங்கள், மாதிரித் தேர்வு வாரங்களை வெட்டாதீர்கள். அப்போதும் தமிழ்ப் பகுதிக்கு முதல் பாதுகாப்பு. 60 மதிப்பெண்ணுக்கு நாற்பது கேள்விகள் சரியாக வேண்டும். உங்கள் இலக்கண எண்ணை வைத்துப் பார்த்தால் அந்தக் கோட்டுக்கு மேலேதான் இருப்பீர்கள். ஆனால் சோதிக்காத 60 கேள்விகள் உள்ள பகுதி அது என்பதால், முதல் வாரச் சோதனையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

கடைசியாக ஒரு நடைமுறை. யூடியூபிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் 'பாடத்திட்டம் மீண்டும் மாறுகிறது' என்று வாரம் ஒரு முறை வரும். தேர்வாணையத்தின் இணையதளத்தில் வராதவரை அது உங்கள் திட்டத்துக்குள் வரக்கூடாது. அறிவிக்கை வெளியாகும் நாளில் அதன் பின்னிணைப்பில் இருக்கும் பாடத்திட்டத்தை, டிசம்பரில் வந்ததோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். அலகின் எண், அலகின் தலைப்பு, அடைப்புக்குறிக்குள் இருக்கும் கேள்வி எண்ணிக்கை, இந்த மூன்றையும் பாருங்கள். எண்ணிக்கை எங்காவது மாறியிருந்தால் இழப்புக் கணக்கை மறுபடி போடுங்கள், அரை மணி நேர வேலை. மாறாவிட்டால் அந்தத் தாளை நோட்டுக்குள் செருகிவிட்டு, அன்றிரவு வழக்கமான கணக்கைப் போடத் தொடங்குங்கள்.